எட்டு மடங்கு மலிவா?

கேள்வி: 2025இல் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் பங்கு அதன் ஆண்டு லாபத்தைப் போல ஏழெட்டு மடங்குதான் விற்றது. ஷெங் சியோங் பேரங்காடிப் பங்கோ இருபது மடங்கு. மலிவானதை விட்டுவிட்டு விலை கூடியதை ஏன் வாங்கினார்கள்?
– வாசகர், ஈசூன்

பதில்: எந்த ஆண்டின் லாபம் என்று பார்த்தீர்களா? மார்ச் 2025இல் முடிந்த நிதியாண்டில் அந்த விமான நிறுவனம் காட்டிய நிகர லாபம் சுமார் 2.78 பில்லியன் வெள்ளி. அதில் 1.1 பில்லியன், அது பங்கு வைத்திருந்த விஸ்தாரா விமான நிறுவனம் ஏர் இந்தியாவோடு இணைந்ததால் கணக்கேட்டில் ஏறிய ஆதாயம். பயணிகளையும் சரக்கையும் ஏற்றிச் சம்பாதித்த செயல்பாட்டு லாபமோ 37 விழுக்காடு சரிந்திருந்தது.

ஏப்ரல் 2019 முதல் மூன்று நிதியாண்டுகளில் அதன் நட்டம் ஏறக்குறைய 5.4 பில்லியன். அடுத்த மூன்றில் லாபம் 7.6 பில்லியன். பங்கு விலையை ஆறாண்டுச் சராசரி லாபத்தால் வகுத்தால் உங்கள் எட்டு மடங்கு அறுபதைத் தொடும். கொள்ளைநோய் அடிக்கடி வராது, ஆகவே இது கொஞ்சம் கொடூரமான கணக்குதான். ஆனாலும் பொருளாதாரத்தோடு லாபம் ஏறி இறங்கும் சுழற்சிப் பங்கை உச்ச லாபத்தால் அளப்பது அதைவிடப் பெரிய பிழை. லாபம் உச்சத்தில் இருக்கும்போதுதான் அந்த மடங்கு மிகச் சிறியதாகத் தெரியும்.

லாபம் இப்படி ஏறி இறங்கக் காரணம் செலவில் இருக்கிறது. 100 வெள்ளிக்கு டிக்கெட் விற்று 90 வெள்ளி செலவழிக்கும் நிறுவனம், போட்டியால் கட்டணத்தை 5 விழுக்காடு குறைத்தால் லாபம் பாதியாகிவிடும். விமானம், எரிபொருள், சிப்பந்தி எதுவும் அதற்காகக் குறையாது. பேரங்காடியில் வியாபாரம் 5 வெள்ளி குறைந்தால், கொள்முதலும் மூன்றரை வெள்ளி குறைந்துவிடும். அரிசியும் எண்ணெயும் வாங்குவதை யாரும் நிறுத்துவதுமில்லை. தற்காப்புப் பங்கு என்பதன் பொருள் அவ்வளவுதான்.

நட்டம் தீரட்டும், பிறகு வாங்கலாம் என்று காத்திருப்பவரும் ஏமாறுவார். நவம்பர் 2020இல் தடுப்பூசி பலன் தருகிறது என்ற செய்தி வந்த உடனே உலகெங்கும் விமானப் பங்குகள் எகிறின. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் தன் மிகப் பெரிய ஆண்டு நட்டத்தை, சுமார் 4.27 பில்லியனை, அறிவித்தது மே 2021இல்தான். இறக்கத்திலும் இப்படித்தான்: லாபம் குறையும் முன்பே விலை குறைந்துவிடும்.

இதனால் இருபது மடங்கு எப்போதும் நியாயம் என்று நான் சொன்னதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பொருளாதாரம் சூடுபிடிக்கும்போது தற்காப்புப் பங்குகள் பின்தங்கிவிடும். வட்டி ஏறினாலும் அவற்றின் கவர்ச்சி குறையும். 2022 இறுதியில் சிங்கப்பூர் அரசாங்கத்தின் ஆறு மாதக் கருவூலப் பத்திரமே ஆண்டுக்கு 4 விழுக்காட்டுக்கு மேல் தந்தது. அதற்குக் குறைவான ஈவுத்தொகைக்காக எந்தப் பங்குக்கும் கூடுதல் விலை கொடுக்க அப்போது பலர் யோசித்திருப்பார்கள்.