முக்கோண மனைக்குச் சொல்லப்படும் பரப்பு சரிதானா?

கேள்வி: நான் வாங்க விரும்பும் சிறிய மனை மூன்று மூலைகளைக் கொண்டது. எல்லைக்கற்களுக்கு இடையே டேப் பிடித்து அளந்ததில் பக்கங்கள் 60 அடி, 45 அடி, 25 அடி என்று வந்தன. 60 அடிப் பக்கம் முழுவதும் நேராக இல்லை. நடுவில் சற்று வளைந்திருக்கிறது. விற்பவர் 562 சதுர அடி என்று கணக்கிட்டு, சதுர அடிக்கு இவ்வளவு என்று விலை சொல்கிறார். மூலையில் உள்ள கோணம் எதையும் அளக்காமல், இந்த மூன்று நீளங்களை மட்டும் வைத்து அவருடைய கணக்கைச் சரிபார்க்க முடியுமா?

பதில்: முடியும். மூன்று பக்க நீளங்கள் தெரிந்துவிட்டால் ஒரு முக்கோணத்தின் வடிவம் முழுமையாக நிர்ணயமாகிவிடுகிறது. அதே நீளங்களைக் கொண்டு வேறு பரப்புள்ள இன்னொரு முக்கோணத்தை வரைய இயலாது. நான்கு பக்க மனைக்கு இந்த வசதி இல்லை. அதன் நான்கு நீளங்களும் மாறாமல் இருக்கும்போதே வடிவம் சாய்ந்து பரப்பு குறையலாம் என்பதால், அங்கே ஒரு மூலைவிட்டத்தையும் அளந்து இரண்டு முக்கோணங்களாகப் பிரித்தாக வேண்டும். உங்கள் மனைக்கு அது தேவையில்லை. கி.பி. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த அலெக்சாந்திரியா ஹெரானின் பெயரால் வழங்கும் சூத்திரம் போதும்:

A = √( s (s − a) (s − b) (s − c) )

இதில் a, b, c என்பவை மூன்று பக்கங்கள். s என்பது சுற்றளவில் பாதி. உங்கள் மனையின் சுற்றளவு 60 + 45 + 25 = 130 அடி; ஆகவே s = 65. அதிலிருந்து ஒவ்வொரு பக்கத்தையும் கழித்தால் 5, 20, 40 என்ற மூன்று எண்கள் கிடைக்கின்றன. 65 × 5 × 20 × 40 = 2,60,000. இதன் வர்க்கமூலம் 509.9. அதாவது, மூன்று கற்களையும் நேர்கோடுகளால் இணைத்தால் உள்ளே அடங்கும் இடம் ஏறத்தாழ 510 சதுர அடி. சாதாரணக் கால்குலேட்டரில் நான்கு எண்களையும் வரிசையாகப் பெருக்கி, கடைசியில் √ விசையை ஒரு முறை அழுத்தினால் போதும். கழித்துக் கிடைத்த மூன்று எண்களையும் கூட்டினால் மீண்டும் s வர வேண்டும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்; இங்கே 5 + 20 + 40 = 65 என்று சரியாக வருகிறது. வராவிட்டால் கழித்தலில் பிழை இருக்கிறது என்று பொருள்.

விற்பவரின் 562 எங்கிருந்து வந்தது என்பதை ஊகிப்பது கடினமல்ல. 45-ஐயும் 25-ஐயும் பெருக்கி இரண்டால் வகுத்தால் 562.5 வருகிறது. பள்ளியில் படித்த 'பாதி அடிப்பக்கம் பெருக்கல் உயரம்' என்ற விதியை, உயரம் எது என்று பார்க்காமலேயே இரண்டு பக்கங்களின் மேல் போட்டிருக்கிறார்கள். அந்த இரண்டு பக்கங்களும் செங்கோணத்தில் சந்தித்தால் மட்டுமே இது சரியாகும். அப்படிச் சந்தித்திருந்தால் மூன்றாவது பக்கம் 45-இன் வர்க்கத்தையும் 25-இன் வர்க்கத்தையும் கூட்டி எடுத்த வர்க்கமூலமாக, ஏறத்தாழ ஐம்பத்தொன்றரை அடியாக இருந்திருக்கும். நீங்கள் அளந்ததோ 60 அடி. எனவே அந்த மூலை செங்கோணத்தைவிட நன்றாகவே விரிந்திருக்கிறது. இரண்டு பக்கங்களின் நீளம் மாறாதபோது அவை செங்கோணத்தில் நிற்கும் நிலையில்தான் பரப்பு மிக அதிகமாக இருக்கும். கோணம் விரிந்தாலும் சுருங்கினாலும் பரப்பு குறையவே செய்யும். ஆகவே, இந்தக் குறுக்குவழி எந்த முக்கோண மனையிலும் உண்மைப் பரப்பைவிடக் குறைவான விடையைத் தராது. பிழை எப்போதும் விற்பவர் பக்கமே சாய்கிறது என்பதால், அவர் வேண்டுமென்றே செய்தாரா அறியாமல் செய்தாரா என்று ஆராய்வதைவிட, கணக்கை அவர் முன்னிலையில் ஒரு முறை போட்டுக் காட்டுவதே நல்லது.

அதற்கு முன் உங்கள் அளவுகளை உறுதி செய்துகொள்ளுங்கள். பலரும் தடுக்கி விழும் இடம் அடியும் அங்குலமும்தான். 45 அடி 6 அங்குலம் என்பதைக் கணக்கில் 45.6 என்று எழுதிவிடுகிறார்கள், அது 45.5 ஆகும். அங்குலத்தைப் பன்னிரண்டால் வகுத்த பிறகே தசமமாக எழுத வேண்டும். நீங்கள் மூன்றையும் முழு அடியாகக் கொடுத்திருக்கிறீர்கள். உண்மையிலேயே அப்படி அமைந்ததா, எழுதும்போது அங்குலங்களை விட்டுவிட்டீர்களா என்று பார்ப்பது அவசியம். ஏனெனில், ஒவ்வொரு பக்கத்தின் பிழையும் பரப்பை ஒரே அளவில் பாதிப்பதில்லை. 25 அடிப் பக்கம் உண்மையில் 26 அடியாக இருந்தால் பரப்பு 540-ஆக உயர்ந்துவிடும். 60 அடிப் பக்கம் 61 அடியாக இருந்தாலோ பரப்பு 495-ஆகக் குறைந்துவிடும். நீளம் கூடினால் இடமும் கூடும் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் விரிகோணம் உள்ள முக்கோணத்தில் அதற்கு எதிரே உள்ள நீண்ட பக்கத்தை இழுத்தால் கோணம் மேலும் விரிந்து, அந்த மூலை அடிப்பக்கத்தை நோக்கித் தாழ்ந்துவிடுகிறது. எனவே உங்கள் மனையில் மிகக் கவனமாக, இரண்டு முனைகளிலிருந்தும் ஒவ்வொரு முறை அளக்க வேண்டியது மிகச் சிறிய பக்கமான அந்த 25 அடியைத்தான். அங்கே ஓர் அங்குலம் தவறினால் பரப்பில் ஏறத்தாழ இரண்டரை சதுர அடி மாறும். மூன்று பக்கங்களிலும் அங்குலம் வரை துல்லியமாக அளந்திருந்தாலும் 510 என்பதைச் சில சதுர அடி முன்பின் உள்ள எண்ணாகவே கொள்ள வேண்டும், 509.90 என்று பைசா சுத்தமாகப் பேசுவதில் பொருளில்லை.

தரை சரிவாக இருந்தால், டேப்பைத் தரையோடு ஒட்டிப் பிடிக்காமல் கிடைமட்டமாகப் பிடித்து அளக்க வேண்டும். மனையின் பரப்பு என்று கணக்கிடப்படுவது கிடைமட்டப் பரப்பே. 60 அடி தூரத்தில் தரை 6 அடி ஏறினால் கிடைமட்ட நீளம் 59.7 அடிதான். சரிவு இதைவிட லேசாக இருந்தால் பெரிதாகக் கவலைப்பட வேண்டாம்.

விடையைச் சோதிக்க இன்னொரு வழி இருக்கிறது. சூத்திரத்தை நம்பாதவருக்கும் இது புரியும். நீண்ட பக்கத்தின் இரு கற்களுக்கும் இடையே ஒரு நைலான் கயிற்றை விறைப்பாகக் கட்டுங்கள். ஒருவர் டேப்பின் பூஜ்ய முனையை மூன்றாவது கல்லின் மேல் பிடித்துக்கொள்ள, நீங்கள் மறுமுனையைக் கயிற்றின் மேல் வைத்து இடமிருந்து வலமாக மெதுவாக நகர்த்துங்கள். டேப்பில் தெரியும் அளவு குறைந்துகொண்டே வந்து, ஓரிடத்தில் நின்று, பிறகு கூடத் தொடங்கும். அந்த மிகக் குறைந்த அளவுதான் முக்கோணத்தின் செங்குத்துயரம். உங்கள் பக்க அளவுகள் சரியென்றால் அது 17 அடியாக இருக்கும்; அது அமையும் இடம், 25 அடிப் பக்கம் தொடங்கும் கல்லிலிருந்து கயிற்றின் வழியே 18 அடி 4 அங்குலத்துக்கு அருகில் இருக்கும். 60 × 17 ÷ 2 = 510. இரண்டு வழிகளும் ஒன்றையே சொன்னால் அளவில் சந்தேகம் வேண்டியதில்லை. உயரம் பதினாறாகவோ பதினெட்டாகவோ வந்தால், மூன்று பக்கங்களில் ஏதோ ஒன்றைத் திரும்ப அளக்க வேண்டும்.

இந்த உயரச் சோதனையை நான் வலியுறுத்துவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. மிக ஒடுங்கிய மனைகளில் ஹெரான் சூத்திரத்தை மட்டும் நம்பினால் ஏமாந்துபோவோம். 60, 36, 25 அடிப் பக்கங்கள் கொண்ட ஒரு மனையை எடுத்துக்கொண்டால் s = 60.5; அதிலிருந்து நீண்ட பக்கத்தைக் கழித்தால் மீதி வெறும் 0.5. பரப்பு 162 சதுர அடி. அந்த நீண்ட பக்கத்தை அரை அடி கூடுதலாக அளந்துவிட்டால் பரப்பு 116-ஆக விழுந்துவிடுகிறது. சூத்திரத்தில் தவறில்லை; கழித்து வரும் எண் மிகச் சிறியதாக இருக்கும்போது, அளவில் உள்ள சிறு பிழையும் அந்த எண்ணையே விழுங்கிவிடுகிறது. அத்தகைய மனையில் உயரத்தை நேரடியாக அளப்பதே நம்பகமானது. உங்கள் மனையில் அந்த எண் 5 என்பதால் அவ்வளவு ஆபத்தில்லை.

இனி நீங்கள் போகிற போக்கில் குறிப்பிட்ட வளைவுக்கு வருகிறேன். உங்கள் கேள்வியில் மிக முக்கியமான விவரம் அதுதான் என்று நினைக்கிறேன். ஹெரான் தருவது மூன்று கற்களை இணைக்கும் நேர்கோடுகளுக்கு உள்ளே இருக்கும் இடத்தை மட்டுமே. எல்லை கயிற்றுக்கு வெளியே புடைத்திருந்தால் அந்த இடத்தைக் கூட்ட வேண்டும். உள்ளே குழிந்திருந்தால் கழிக்க வேண்டும். இதை எல்லைவழியாக டேப் பிடித்துக் கண்டுகொள்ள முடியாது. 60 அடி நீளத்தில் நடுப்பகுதி ஓரடி புடைத்திருந்தால் எல்லையின் நீளம் அரை அங்குலமே கூடுகிறது. பரப்போ ஏறத்தாழ 40 சதுர அடி கூடிவிடுகிறது. சீரான, லேசான வளைவுக்கு உரிய கணக்கு, கயிற்றின் நீளம் பெருக்கல் நடுவில் உள்ள விலகல், அதில் மூன்றில் இரண்டு பங்கு என்பதாகும்.

உயரம் பார்க்கக் கட்டிய அதே கயிறு இங்கேயும் உதவும். கயிற்றில் பத்தடிக்கு ஒரு முடிச்சு அல்லது சுண்ணாம்புக் குறி வைத்து, ஒவ்வொரு குறியிலிருந்தும் எல்லை எவ்வளவு விலகியிருக்கிறது என்று கயிற்றுக்குச் செங்குத்தாக அளந்து எழுதுங்கள். உதாரணமாக, ஐந்து குறிகளிலும் வெளிப்புறமாக 5, 10, 12, 11, 6 அங்குலம் என்று வந்தால் மொத்தம் 44 அங்குலம், அதாவது 3.67 அடி, அதைப் பத்தால் பெருக்கினால் 37 சதுர அடி. அப்போது மனை 510 + 37 = 547 சதுர அடி. விற்பவர் சொன்ன 562 அதிலும் 15 சதுர அடி அதிகமே.

அவர் சொன்ன எண் தற்செயலாகச் சரியாவதற்கும் இடமுண்டு: எல்லை சீராக வெளிப்புறம் வளைந்து, நடுவில் கயிற்றிலிருந்து ஏறத்தாழ ஓரடி நான்கு அங்குலம் விலகியிருந்தால் கூடுதல் இடம் 52 சதுர அடியைத் தாண்டி, மொத்தம் 562-ஐ ஒட்டி வந்துவிடும். வளைவு உள்ளே குழிந்திருந்தால் நிலைமை நேர் எதிர். மனை 510-க்கும் கீழே போகும், அவருடைய கணக்குக்கும் உண்மைக்கும் உள்ள தூரம் இன்னும் கூடும். எனவே விலை பேசுவதற்கு முன் கயிற்றைக் கட்டி, வளைவு எந்தப் பக்கம் என்பதை அவரையும் அருகில் வைத்துக்கொண்டே அளந்துவிடுங்கள். வளைவின் எந்தப் பகுதி உங்கள் எல்லைக்குள் வருகிறது என்பதில் அவரும் பக்கத்து மனைக்காரரும் ஒத்துப்போகாவிட்டால் அது டேப்பால் தீரும் விஷயமல்ல. ஆவணத்தில் உள்ள வரைபடத்தோடு ஒரு நில அளவையாளரை அழைத்து அந்தப் பக்கத்தை மட்டுமாவது குறித்துத் தரச் சொல்ல வேண்டும்.