"பென்டிங் டாக்குமென்ட் அனுப்பவும்" என்றால் எதை அனுப்புவார்கள்? ஆடிட்டர் ஆபீஸ் நினைவூட்டல்கள்: கேள்வி பதில்

கேள்வி (ஈரோடு, ஆடிட்டர் ஆபீஸில் வேலை): எங்கள் சார் "ஐடி பென்டிங் டாக்ஸ் சீக்கிரம் அனுப்பவும், டைம் இல்லை" என்று ஒரே வரியை எல்லாருக்கும் வாட்ஸ்அப்பில் தட்டச் சொல்கிறார். பாதிப் பேர் கட்டைவிரல் போட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். எப்படி மாற்றி எழுதுவது?

பதில்: கட்டைவிரல் போடுகிறவர் மேல் தப்பில்லை. அந்த வரியில் அவர் செய்யக்கூடிய வேலை எதுவும் இல்லை. எந்தத் தாள், யாரிடம் வாங்குவது, என்றைக்குள் என்ற மூன்றும் உங்கள் சாருடைய தலைக்குள் இருக்கிறது. அது மெசேஜுக்குள் வர வேண்டும், அவ்வளவுதான் வேலை. ஆனால் அதற்கு முதலில் அந்த ஆளின் ஃபைலைத் திறந்து பார்த்தாக வேண்டும். அதைத் தவிர்க்கத்தான் எல்லாருக்கும் ஒரே வரி போகிறது.

2024 ஜூலை சீசனில் நான் திருத்தி எழுதிய ஒன்றைச் சொல்கிறேன். சம்பளக்காரர், 2023 ஆகஸ்டில் கம்பெனி மாறியவர், வீட்டுக்கடன் உண்டு, கொஞ்சம் மியூச்சுவல் ஃபண்ட் விற்றிருக்கிறார். முதலில் அவருக்குப் போன மெசேஜ்: "சார் ஃபார்ம் 16, லோன் பேப்பர், எம்எஃப் டீடெய்ல்ஸ் எல்லாம் அனுப்புங்க, அர்ஜென்ட்." அவர் புது கம்பெனியின் ஃபார்ம் 16-ஐ ஏற்கெனவே அனுப்பியிருந்தார், அதனால் "அனுப்பிட்டேனே" என்று பதில் வந்தது. லோன் பேப்பர் என்றதும் இஎம்ஐ அட்டவணையை அனுப்பினார். திருத்திய மெசேஜ் இது:

> வணக்கம் சார். 2023-24 நிதியாண்டு வருமான வரி ரிட்டர்னுக்கு உங்களிடமிருந்து இன்னும் மூன்று தாள்கள் வர வேண்டும்.
>
> 1. பழைய கம்பெனியின் ஃபார்ம் 16 (ஏப்ரல் முதல் ஆகஸ்ட் 2023 வரை). அங்குள்ள ஹெச்ஆருக்கு மெயில் போட்டால் அனுப்புவார்கள். தாமதமானால் அந்த ஐந்து மாதச் சம்பள ஸ்லிப்களை முதலில் அனுப்புங்கள்.
> 2. வீட்டுக்கடன் வட்டி சர்ட்டிபிகேட், வட்டியும் அசலும் தனித்தனியாகக் காட்டுவது. "ப்ரொவிஷனல்" என்று போட்டிருந்தால் அது வேண்டாம், மார்ச் 31-க்குப் பிறகு எடுத்தது வேண்டும். பேங்க் நெட்பேங்கிங்கிலேயே கிடைக்கும்.
> 3. மியூச்சுவல் ஃபண்ட் கேபிட்டல் கெயின்ஸ் ஸ்டேட்மென்ட், 2023-24. கேம்ஸ் தளத்தில் பேன், மெயில் ஐடி கொடுத்தால் மெயிலுக்கு வரும்.
>
> வந்து சேர்ந்தவை: புது கம்பெனி ஃபார்ம் 16, பேங்க் ஸ்டேட்மென்ட். இவற்றை மறுபடி அனுப்ப வேண்டாம்.
>
> எங்களுக்கு வர வேண்டிய நாள்: ஜூலை 12, வெள்ளி. அரசு வைத்திருக்கும் கடைசி நாள்: ஜூலை 31, புதன். அதற்குள் போடாவிட்டால் ரூ. 5,000 தாமதக் கட்டணம் வரும், பழைய வரி முறையையும் தேர்ந்தெடுக்க முடியாது. உங்கள் வீட்டுக்கடன் வட்டிக் கழிவு அந்த முறையில்தான் கிடைக்கும்.

"வந்து சேர்ந்தவை" என்ற வரியை விட்டுவிடாதீர்கள். அது இல்லாவிட்டால் "எல்லாம் கொடுத்தாயிற்றே" என்ற சண்டை வரும். ப்ரொவிஷனல் விஷயமும் அப்படித்தான். கம்பெனியில் காட்டுவதற்காக ஜனவரி வாக்கில் வாங்கிய உத்தேச சர்ட்டிபிகேட் எல்லாருடைய மெயிலிலும் கிடக்கும், தேடினால் முதலில் கைக்கு வருவது அதுதான். வேண்டாம் என்று முன்கூட்டியே சொன்னால் ஒரு சுற்று மிச்சம்.

பழைய கம்பெனி ஃபார்ம் 16-ஐ முதலில் வைத்ததற்கும் காரணம் உண்டு. முந்தைய சம்பளத்தைப் புது கம்பெனிக்குச் சொல்லாமல் விட்டிருந்தால் இரண்டு இடத்திலும் அடிப்படை விலக்கு, நிலையான கழிவு எல்லாம் தனித்தனியாகக் கொடுத்திருப்பார்கள். சேர்த்துப் போடும்போது வரி பாக்கி நிற்கும், அதற்கு வட்டியும் உண்டு. இது ஜூலை 30 அன்று தெரிந்தால் அவர் பணத்துக்கு எங்கே போவார்?

கேள்வி (மதுரை): இவ்வளவு எதற்கு? கடைசி தேதியை ஜூலை 20 என்று சொல்லிவிட்டால் தானாக அனுப்புவார்கள். நாங்கள் அப்படித்தான் செய்கிறோம்.

பதில்: முன்கூட்டியே ஒரு நாள் வைப்பது சரி. அதை அரசின் கடைசி நாள் என்று சொல்வதுதான் சரியில்லை. ஒரு வருஷம் வேலை செய்யும். அடுத்த வருஷம் அவர் டிவியில் ஜூலை 31 என்று பார்த்துவிட்டு, உங்கள் 20-க்கு இன்னும் பதினோரு நாள் சேர்த்துக்கொள்வார். அதன் பிறகு நீங்கள் சொல்லும் எந்தத் தேதிக்கும் இதே கதைதான்.

இரண்டு நாளையும் வெளிப்படையாகப் போடுங்கள். உங்கள் நாளுக்குக் காரணம் வேண்டுமென்றால் ஒரு வரி போதும்: "12-ஆம் தேதிக்குள் வந்தால் கணக்குப் போட்டு உங்களிடம் காட்டி, வரி பாக்கி இருந்தால் கட்ட நேரம் இருக்கும்." நாளோடு கிழமையையும் எழுதுங்கள். "அடுத்த வாரத்துக்குள்" என்பதை ஒவ்வொருவரும் ஒவ்வொரு மாதிரி எடுத்துக்கொள்வார்கள்.

கேள்வி (தஞ்சாவூர்): எனக்கு இன்னும் ரிஃபண்ட் வரவில்லை. யாருக்கு நினைவூட்டல் அனுப்ப வேண்டும்?

பதில்: இங்கே பேசுவது ஆடிட்டர் வாடிக்கையாளருக்கு எழுதும் நினைவூட்டலைப் பற்றி, இருந்தாலும் சொல்கிறேன். ரிட்டர்ன் போட்டு 30 நாளுக்குள் இ-வெரிஃபை ஆனதா என்று முதலில் பாருங்கள். ஆகவில்லை என்றால் ரிட்டர்ன் போட்டதாகவே கணக்கில் வராது. ஆகியிருந்தால் ரிஃபண்ட் போக வேண்டிய பேங்க் கணக்கு போர்ட்டலில் வேலிடேட் ஆகியிருக்கிறதா பாருங்கள்.

ஆபீஸ்காரர்களும் இதைக் கவனிக்கலாம். தாள் கேட்கும் மெசேஜிலேயே "ரிஃபண்டுக்கு எந்த பேங்க் கணக்கு?" என்று கேட்டுவிட்டால் நல்லது. மூடிப்போன கணக்கைப் போர்ட்டலில் வைத்திருப்பவர்கள் நிறைய.

கேள்வி (கும்பகோணம்): எங்களுக்கு வாடிக்கையாளர்கள் பெரும்பாலும் ரிட்டயரானவர்கள். வட்டி சர்ட்டிபிகேட் கேட்டால் ஃபார்ம் 15ஹெச் நகலை அனுப்புகிறார்கள். போனில் விளக்கியும் புரியவில்லை.

பதில்: அவர்களைப் பொறுத்தவரை வட்டிக்காக பேங்கில் கையெழுத்துப் போட்ட தாள் அதுதான், அதனால் அனுப்புகிறார்கள். 15ஹெச் கொடுத்தால் டிடிஎஸ் பிடிக்க மாட்டார்கள், ஆனால் வட்டி வருமானம் வருமானம்தான், ரிட்டர்னில் வர வேண்டும். பலர் 15ஹெச் கொடுத்துவிட்டாலே அந்த வட்டியைக் காட்ட வேண்டாம் என்று நினைக்கிறார்கள்.

அவர்களுக்கு ஃபார்ம் பெயரை எழுதாமல் கவுன்ட்டரில் என்ன கேட்க வேண்டுமோ அதையே எழுதுங்கள்: "பேங்கில் போய், 'போன ஏப்ரலிலிருந்து இந்த மார்ச் வரை என் டெபாசிட்டுகளுக்கு வந்த மொத்த வட்டிக்கு சர்ட்டிபிகேட் வேண்டும்' என்று கேளுங்கள். 15ஹெச் வேண்டாம், அது எங்களிடம் இருக்கிறது." டெபாசிட் இருக்கும் ஒவ்வொரு பேங்க் பெயரையும் தனி வரியில் போடுங்கள். எந்தெந்த பேங்க் என்பது ஏஐஎஸ்ஸிலும் போன வருஷ ஃபைலிலும் பெரும்பாலும் இருக்கும். நாமே பார்க்கக்கூடியதை அவர்களிடம் கேட்காதீர்கள்.

கேள்வி (சேலம்): எப்படியும் தேதியைத் தள்ளிப் போடுவார்கள் என்று சொல்கிறவர்களுக்கு என்ன எழுதுவது?

பதில்: அவர்கள் சொல்வதில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. 2025-இல் ஜூலை 31 செப்டம்பர் 15-க்குப் போனது, கடைசியில் இன்னும் ஒரு நாள் கொடுத்து 16 ஆனது. ஆனால் 2022, 2023, 2024 மூன்று வருஷமும் ஜூலை 31 தள்ளவே இல்லை. மெசேஜில் இதைப் பற்றி வாதம் பண்ண வேண்டாம். "இன்றைய நிலவரப்படி கடைசி நாள் ஜூலை 31. மாறினால் நாங்களே சொல்கிறோம்" என்று எழுதுங்கள், போதும். உங்கள் ஜூலை 12-ஐ மட்டும் தள்ளாதீர்கள்.

கேள்வி (திருப்பூர், மளிகை மொத்த வியாபாரக் கணக்கு): ஜிஎஸ்டிக்கும் இதே மாதிரி எழுதலாமா?

பதில்: எழுதலாம், ஆனால் சுருக்கமாக, ஏனென்றால் இது மாதாமாதம் போகிற மெசேஜ். 14-ஆம் தேதி 2பி வந்ததும் உங்கள் கொள்முதல் கணக்கோடு ஒப்பிட்டு, பில் நம்பரோடு கேளுங்கள். "பர்ச்சேஸ் பில் சில பாக்கி" என்று எழுதினால் வேலைக்கு ஆகாது. "இந்த சப்ளையர், பில் 412, மே 9. 2பியில் இருக்கிறது, எங்களிடம் பில் இல்லை. 17-க்குள் போட்டோ அனுப்புங்கள், 20-இல் 3பி போட வேண்டும்" என்று எழுதினால் கடைப் பையனே தேடி எடுத்துவிடுவான். காலாண்டு முறையில் இருப்பவர்களுக்கு நாள் வேறு, அவர்களைத் தனிப் பட்டியலில் வையுங்கள்.

கேள்வி (கோவை, 20 வருஷமாக பிராக்டீஸ்): இதெல்லாம் எழுத அழகாக இருக்கிறது. என் அனுபவத்தில் நீளமான மெசேஜை யாரும் படிப்பதில்லை. ஒரு போன் போட்டால் முடிந்தது.

பதில்: போன் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை சார். போனில் "சரி சரி, நாளைக்கே அனுப்புறேன்" என்பார்கள், வைத்ததும் மூன்றில் ஒன்றுதான் ஞாபகம் இருக்கும். எழுதியது இருந்தால் அதைத் திறந்து வைத்துக்கொண்டு பேசலாம். நாளைக்கு "நீங்கள் கேட்கவே இல்லையே" என்று வந்தாலும் தேதியோடு கையில் இருக்கும். நீளம் பற்றிச் சொன்னது நியாயம்தான். பாக்கி ஐந்துக்கு மேல் போனால் நானே முதலில் கஷ்டமான இரண்டை மட்டும் கேட்கிறேன், மற்றதை அடுத்த மெசேஜில்.

கேள்வி (ஈரோடு, முதலில் கேட்டவர்): இரண்டு தடவை இப்படி எழுதியும் 12-ஆம் தேதிக்குள் வரவில்லை என்றால்? எங்கள் சார், ஏஐஎஸ்ஸில் இருப்பதை வைத்துப் போட்டுவிடலாம், பிறகு ரிவைஸ் பண்ணலாம் என்கிறார்.

பதில்: இதில் ஒவ்வொரு ஆபீஸும் ஒவ்வொரு மாதிரி. 2023-24 ரிட்டர்னுக்கு டிசம்பர் 31 வரை திருத்த வழி இருந்தது, பிறகு அது 2025 ஜனவரி 15 வரை நீண்டது என்பதும் உண்மை, பழைய வரி முறையைக் காப்பாற்ற சிலர் அப்படிப் போடத்தான் செய்தார்கள். ஆனால் ஏஐஎஸ்ஸில் ஃபண்ட் விற்ற தொகை தெரியும், வாங்கிய விலையை அதை மட்டும் நம்பிப் போட முடியாது. வீட்டுக்கடன் வட்டி அதில் கிடைக்காது. தெரிந்தே குறையோடு போட எனக்கு மனசு வராது, உங்கள் சாருக்கு வரலாம். எப்படியானாலும் வாடிக்கையாளருடைய சம்மதத்தை எழுத்தில் வாங்குங்கள். மூன்றாவது மெசேஜ் இப்படி இருக்கட்டும்: "வட்டி சர்ட்டிபிகேட் இன்னும் வரவில்லை. ஜூலை 25 மாலைக்குள் வராவிட்டால் அந்தக் கழிவு இல்லாமல் ரிட்டர்ன் போடலாமா? ஆம் அல்லது இல்லை என்று பதில் அனுப்புங்கள்." பதில் வராவிட்டால் போடாதீர்கள், போன் பண்ணுங்கள்.