பார்ட்னர்ஷிப்பைப் பிரிக்கும்போது ஏஎம்சி முன்பணம் யாருக்கு?

கேள்வி: நானும் நண்பரும் சரிபாதிப் பங்கில் கிண்டியில் ஏசி சர்வீஸ் நிறுவனம் நடத்துகிறோம். ஆகஸ்ட் 31-ஆம் தேதியோடு பிரிந்து, தனித்தனியாகத் தொழில் செய்வதாகப் பேசி முடித்துவிட்டோம். வாடிக்கையாளர்களை ஏரியாவாரியாகப் பிரித்து, அவர்கள் தர வேண்டிய பாக்கியையும் அவரவரே வைத்துக்கொள்ளலாம் என்கிறார் நண்பர். வர வேண்டிய பாக்கி 14 லட்சம். ஸ்பேர்ஸ், டூல்ஸ், வண்டி 4 லட்சம் பெறும். வங்கியில் ஓடி எனப்படும் ஓவர்டிராஃப்ட் கடன் 5 லட்சம், டீலர்களுக்கு 4 லட்சம் தர வேண்டும். ஆளுக்கு நாலரை லட்சம் நிற்கும், சரிதானே?

பதில்: ஏரியாவாரியாகப் பிரிப்பது நல்ல யோசனை, டெக்னீஷியன்களுக்கும் அலைச்சல் மிச்சம். ஆனால் அந்த நாலரை லட்சத்தை நம்பி எதையும் எழுதிக் கையெழுத்துப் போடாதீர்கள். உங்கள் கணக்கில் ஒரு கடன் விட்டுப்போயிருக்கிறது.

ஏஎம்சி எனும் வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தத்துக்கு முன்கூட்டியே வாங்கிய பணம்தான் அது. அடையாறில் ஒரு அபார்ட்மென்ட் ஏப்ரலில் ஒரு வருடத்துக்கு ஜிஎஸ்டி போக 60,000 ரூபாய் கட்டியிருக்கிறது என்று வையுங்கள். ஆகஸ்ட் வரை ஐந்து மாத வேலையை நிறுவனம் செய்துவிட்டது. மீதி ஏழு மாதத்துக்கான 35,000 ரூபாயை நீங்கள் இன்னும் சம்பாதிக்கவில்லை. அந்த ஏரியா நண்பருக்குப் போனால், மார்ச் வரை அவர் ஆளை அனுப்ப வேண்டும், ஆனால் அவருக்கு ஒரு பைசா வராது. அதனால் வாடிக்கையாளரோடு இந்த 35,000 ரூபாயும் அவரிடம் போக வேண்டும். ஒவ்வொரு ஏஎம்சிக்கும் இப்படிக் கணக்குப் போடுங்கள். மொத்தம் 2.4 லட்சம் வருகிறது என்றால், அது நிறுவனத்தின் கடன். நண்பர்களாகப் பிரிந்தவர்கள் ஆறு மாதம் கழித்து மனக்கசப்பில் நிற்பதற்கு இது பெரிய காரணம். வேலை செய்கிறவருக்கு ஏமாந்த உணர்வு வந்துவிடுகிறது.

அடுத்து அந்த 14 லட்சம். பில் தேதிப்படி பிரித்துப் பாருங்கள். இரண்டு வருடத்துக்கு மேல் இழுத்தடிக்கும் பில்கள் 2 லட்சம் இருந்தால் அதைச் சொத்தாக எண்ண வேண்டாம். வந்தால் பாதிப் பாதி என்று தனியாக எழுதுங்கள். இப்போது பாருங்கள்: 9 லட்சத்தில் 2.4, பிறகு 2 கழிந்தால் 4.6 லட்சம். இருவர் போட்ட முதலும் சமம் என்றால் ஆளுக்கு 2.3 லட்சம்தான்.

மீதிப் பாக்கியை வாடிக்கையாளரோடு கொடுத்துவிடாதீர்கள். அது பழைய நிறுவனத்தின் பணம். வசூலிக்கும் பொறுப்பை மட்டும் அந்தந்த ஏரியாக்காரர் ஏற்கட்டும், பணம் பழைய வங்கிக் கணக்குக்கே வரட்டும். கம்பெனி வாடிக்கையாளர்கள் பழைய பில்லுக்கு டிடிஎஸ் பிடிப்பதும் நிறுவனத்தின் பான் எண்ணில்தான், அதனால் கணக்கை அவசரப்பட்டு மூடாதீர்கள்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. ஒரு வாடிக்கையாளர் எந்த பில் என்று சொல்லாமல் 50,000 ரூபாய் அனுப்புவார். வாங்குகிறவருக்கு அதைத் தன் புது பில்லில் வரவு வைக்கத்தான் தோன்றும். பழைய பாக்கியை அழுத்திக் கேட்டால் வாடிக்கையாளர் முகம் சுளிப்பாரே என்ற பயமும் இருக்கும். ஆகவே, பழைய பில் தீரும் வரை வருகிற பணம் அதற்கே என்று பத்திரத்தில் எழுதுங்கள். ஆறு மாதக் கெடு வையுங்கள். அதற்குள் வராததை, பேசிய தள்ளுபடியில் அந்த ஏரியாக்காரரே எடுத்துக்கொள்ளட்டும்.

வசூலாகும் பணம் முதலில் எங்கே போக வேண்டும்? 1932-ஆம் ஆண்டு கூட்டாண்மைச் சட்டப்படி வெளியார் கடன் முதலில், அப்புறம் பார்ட்னர் நிறுவனத்துக்குக் கொடுத்த கடன், பிறகு அவரவர் முதல், மிச்சம்தான் பங்கு. வங்கியையும் டீலர்களையும் தீர்க்காமல் ஆளுக்குக் கொஞ்சம் எடுக்காதீர்கள். ‘ஓடியை நண்பர் கட்டுவார்’ என்று நீங்கள் இருவரும் எழுதிக்கொண்டாலும் வங்கிக்கு அது செல்லாது. அவர் கட்டாவிட்டால் முழு 5 லட்சத்தையும் உங்களிடம் கேட்கலாம். ஓடியை அடைத்து, கடன் இல்லை என்று வங்கியிடம் கடிதம் வாங்குங்கள்.

பிரிந்ததை வெளியே சொல்வதும் முக்கியம். பொது அறிவிப்பு கொடுக்கும் வரை, நண்பர் பழைய பெயரில் எடுக்கும் சரக்குக்கு நீங்களும் பொறுப்பு. பதிவு செய்த நிறுவனம் என்றால் நிறுவனப் பதிவாளருக்குத் தகவல், அரசிதழில் அறிவிப்பு, சென்னையில் வரும் ஒரு தமிழ் நாளிதழில் அறிவிப்பு மூன்றும் வேண்டும். டீலர்களுக்குத் தனிக் கடிதமும் போடுங்கள்.

ஜிஎஸ்டி அலுவலகத்துக்குப் பிரிந்த ஒரு மாதத்துக்குள் எழுத்தில் தெரிவியுங்கள். பழைய பதிவைக் கடைசி பில் போட்ட பிறகு ரத்து செய்து, மூன்று மாதத்துக்குள் இறுதி ரிட்டர்னான GSTR-10 தாக்கல் செய்ய வேண்டும். ஏஎம்சி தொகையை நண்பரின் புது நிறுவனத்துக்கு மாற்ற எந்த பில், எந்தத் தேதியில் என்பதைப் பதிவு ரத்தாகும் முன்பே ஆடிட்டரிடம் கேட்டு முடித்துவிடுங்கள்.