தோரணத்தின் அடக்கவிலை எங்கே தப்பியது?

கேள்வி: சிராங்கூன் சாலையில் சின்னக் கடை வைத்திருக்கிறேன். சென்னையிலிருந்து பித்தளைக் குத்துவிளக்கும் பிளாஸ்டிக் தோரணமும் ஒரே சரக்காக வருகின்றன. கப்பல் செலவு, இன்சூரன்ஸ், ஜிஎஸ்டி எல்லாவற்றையும் கொள்முதல் விலைக்கு ஏற்றபடி பிரித்துப் போடுகிறேன். தோரணம் நன்றாக விற்றாலும் கையில் காசு நிற்பதில்லை. ஏன்?

பதில்: உங்கள் கணக்கில் விளக்கு சுமக்க வேண்டியதைவிட அதிகச் செலவைச் சுமக்கிறது, தோரணம் குறைவாகச் சுமக்கிறது. காரணம், கப்பல்காரருக்கு உங்கள் சரக்கின் விலை தேவையில்லை. கொள்கலனில் கொஞ்சம் இடம் எடுத்து அனுப்பும் சரக்குக்கு, ஒரு கன மீட்டர் அல்லது 1,000 கிலோ, இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் கட்டணம். தோரணம் எடையில்லாமல் இடத்தை அடைத்துக்கொள்ளும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 200 விளக்குகள், தலா 20 வெள்ளி, 1 கன மீட்டர். 2,000 தோரணங்கள், தலா 1 வெள்ளி, 3 கன மீட்டர். மொத்தக் கொள்முதல் 6,000. கப்பல் கட்டணம் 200, இன்சூரன்ஸ் 60, சிங்கப்பூரில் இறங்கிய பிறகு, சரக்கை எடுத்துத் தரும் முகவரான ஃபார்வர்டரின் பில் 600.

சுங்கத் தீர்வை இல்லை. மது, புகையிலை, வாகனம், பெட்ரோலியம் ஆகியவற்றுக்கு மட்டும்தான் இங்கே தீர்வை. ஆனால் 9 விழுக்காடு ஜிஎஸ்டி உண்டு. சரக்கு விலையோடு கப்பல் கட்டணமும் இன்சூரன்ஸும் சேர்ந்த 6,260 மேல் அதைக் கணக்கிட்டால் 563.40 வரும்.

இனி, ஒவ்வொரு செலவையும் அது எதனால் வந்ததோ அதன்படி பிரியுங்கள். கப்பல் கட்டணமும் ஃபார்வர்டர் பில்லும் இடத்தால் வந்தவை, எனவே ஒன்றுக்கு மூன்று. அதாவது விளக்குக்கு 50ம் 150ம், தோரணத்துக்கு 150ம் 450ம். இன்சூரன்ஸ் விலையால் வந்தது: விளக்குக்கு 40, தோரணத்துக்கு 20. ஜிஎஸ்டி, சரக்கு விலையோடு இறங்குவதற்கு முன் வந்த கப்பல் கட்டணத்தையும் இன்சூரன்ஸையும் சேர்த்த மதிப்பின்படி வரும்: விளக்குக்கு 4,090 மேல் 368.10, தோரணத்துக்கு 2,170 மேல் 195.30.

கூட்டினால் விளக்கு ஒன்று 23.04 வெள்ளி, தோரணம் ஒன்று 1.41. உங்கள் முறையில் விளக்கு 24.74, தோரணம் 1.24 என்று வந்திருக்கும். தோரணத்தை 1.50க்கு விற்று 26 காசு லாபம் என்று நினைத்திருப்பீர்கள். உண்மையில் 9 காசுதான். வாடகைக்குக்கூடக் காணாது.

இந்தக் கணக்கில் என்னை எரிச்சலூட்டுவது அந்த 600. கப்பல் கட்டணம் 200, இறங்கிய பிறகு 600! “கப்பல் செலவு எங்களுடையது” என்று சப்ளையர் தாராளமாகச் சொன்னால் அங்கேதான் கவனம் தேவை. அவர் கட்டணத்தை அடிமாட்டு விலைக்கு வாங்கித் தருவார். அதைக் குறைத்துக் கொடுத்த, பலரின் சரக்கை ஒரே கொள்கலனில் சேர்த்து அனுப்பும் சரக்குத் தொகுப்பாளர் இங்குள்ள ஏஜென்ட் வழியாக அந்தப் பணத்தை உங்களிடம் வசூலிப்பார். டெலிவரி ஆர்டர், கையாளுதல், பிரித்தெடுத்தல் என்று பில்லில் ஏழெட்டு வரி இருக்கும், பாதிக்கு அர்த்தம் கேட்டாலும் யாரும் சொல்லமாட்டார்கள். சரக்கு அவர்கள் கிடங்கில் இருக்கும்போது நீங்கள் பேரம் பேச முடியாது. அதனால் சென்னையில் கப்பலேற்றும் வரைதான் சப்ளையர் பொறுப்பு என்று பேசி, ஃபார்வர்டரை நீங்களே நியமியுங்கள். சரக்கு கிளம்புவதற்கு முன்பே சிங்கப்பூர்க் கட்டணங்கள் அனைத்தையும் கன மீட்டருக்கு எவ்வளவு, குறைந்தபட்சம் எவ்வளவு என்று எழுத்தில் வாங்குங்கள். சரக்கின் விலையைப் பில்லில் குறைத்துக் காட்டி வரி மிச்சப்படுத்தலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அது சுங்கக் குற்றம்.

ஜிஎஸ்டி பற்றி ஒரு விஷயம். மேலே அதை அடக்கவிலையில் சேர்த்தது, நீங்கள் ஜிஎஸ்டிக்குப் பதிவு செய்யாதவர் என்று கொண்டதால். பதிவு செய்திருந்தால், கட்டிய ஜிஎஸ்டியைத் திரும்பக் கோரலாம். அப்படித் திரும்பி வரும் பணம் சரக்கின் செலவாகாது, சேர்க்கவும் கூடாது. ஃபார்வர்டர் பில்லில் உள்ள ஜிஎஸ்டிக்கும் இதே நிலைதான். ஆனால் இறக்குமதி பெர்மிட்டில் இறக்குமதியாளர் என்ற இடத்தில் உங்கள் கடையின் பெயர் இருக்க வேண்டும். சில ஃபார்வர்டர்கள் வேலை சுலபம் என்று தங்கள் பெயரிலேயே பெர்மிட் எடுத்துவிடுவார்கள். பணம் உங்களுடையது, பத்திரம் அவர்களுடையது, கோரிக்கை நிற்காது. ஆகவே ஃபார்வர்டர் பில் மட்டும் போதாது, பெர்மிட் நகலைக் கேட்டு வாங்கிப் பெயரையும் மதிப்பையும் பாருங்கள்.

ஆவணம் தாமதமாகி, இலவச நாள் கடந்து கிடங்கு வாடகை கட்டினால் அதைத் தோரணத்தின் மேல் ஏற்ற வேண்டாம். அது அந்த மாதத்துச் செலவு. சரக்கின் விலையில் ஒளித்துவிட்டால், அடுத்த ஆர்டரின்போது தோரணம் ஏன் விலையேறியது என்று தேடிக்கொண்டிருப்பீர்கள்.