துணைக் கதாபாத்திரங்கள் நாயகன், நாயகியை நமக்கு எப்படி இன்னும் தெளிவாகக் காட்டுகிறார்கள்? ஓர் உதாரணத்தோடு சொல்ல முடியுமா?

எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த உதாரணம் சிலப்பதிகாரத்துத் தேவந்தி. பலருக்கு அவள் பெயரே நினைவில் இருக்காது. கோவலன், கண்ணகி, மாதவி, பாண்டியன் என்று கதையைச் சொல்லி முடித்துவிடலாம், தேவந்தி இல்லாமலே. கதை நகர்வுக்கு அவள் தேவையே இல்லை. அதனால்தான் அவளை எடுத்துக்கொள்கிறேன்.

கண்ணகியைப் பற்றி அடிக்கடி ஒரு குறை சொல்வார்கள். புகார்க் காண்டத்தில் வாய் திறக்காமல் எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டிருந்த பெண், மதுரையில் திடீரென்று அரசவையில் போய் நின்று 'தேரா மன்னா' என்று பேசுவது நம்பும்படி இல்லை, இரண்டு வேறு பெண்களை ஒட்டவைத்த மாதிரி இருக்கிறது என்பார்கள். இளங்கோ இதற்கான பதிலைக் கனாத்திறம் உரைத்த காதையிலேயே வைத்துவிட்டார். அந்தப் பதில்தான் தேவந்தி.

அவளும் கண்ணகியைப் போலவே கணவன் உடன் இல்லாத பெண். அவள் மணந்தது மனித வடிவில் வந்த பாசண்டச் சாத்தன் என்ற தெய்வத்தை. 8 ஆண்டுகள் சேர்ந்து வாழ்ந்தபின் அவன் தன் உண்மை உருவத்தைக் காட்டி, 'என் கோயிலுக்கு வா' என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறான். தீர்த்தமாடப் போன கணவனை மீட்டுத் தர வேண்டும் என்று ஊருக்குச் சொல்லிக்கொண்டு தினமும் அந்தக் கோயிலில் வழிபடுகிறாள். ஊர், காலம், கணவனைப் பிரிந்த நிலை என்று பெரும்பாலும் இருவருக்கும் ஒன்றுதான். இந்த ஒற்றுமை மிக முக்கியம். எல்லாவற்றிலும் வேறுபட்ட இரண்டு பேரைப் பக்கத்தில் நிறுத்தினால் எதைக் கவனிப்பது என்று வாசகனுக்குத் தெரியாது. நிறைய ஒத்துப்போய் ஓர் இடத்தில் மட்டும் பிரியும்போது கண் நேராக அந்த இடத்துக்குப் போகும்.

சரி, எங்கே பிரிகிறார்கள்? கண்ணகியின் மனக்குறைக்காகவும் வேண்டிக்கொண்டு அவள் வீட்டுக்கு வரும் தேவந்தி, கணவனை அடைவாய் என்று வாழ்த்துகிறாள். கண்ணகி தன் கனவைச் சொல்கிறாள். ஒரு பெரிய நகரம், ஊரார் சுமத்திய வீண்பழி, கோவலனுக்கு நேர்ந்த தீங்கு, அதைக் கேட்டுத் தான் காவலன் முன்னால் பேசியது, பிறகு அரசனுக்கும் ஊருக்கும் வந்த கேடு. அதாவது அரசன் முன் வழக்காடும் கண்ணகி அந்தக் கனவில் ஏற்கெனவே இருக்கிறாள். தேவந்தியின் காதில் அது விழுந்ததாகவே தெரியவில்லை. உன் கணவன் உன்னை வெறுக்கவில்லை, முற்பிறப்பில் கணவனுக்காகச் செய்ய வேண்டிய நோன்பில் தவறிவிட்டாய், காவிரி கடலில் கலக்கும் இடத்தில் சோமகுண்டம், சூரியகுண்டம் என்று இரண்டு நீர்த்துறைகள் இருக்கின்றன, அவற்றில் மூழ்கிக் காமவேள் கோயிலைத் தொழுதால் கணவனோடு சேர்ந்து இன்பமாக வாழலாம், ஒரு நாள் நாம் போய் நீராடுவோம் என்கிறாள். தன் துயரத்துக்குத் தானே கைக்கொண்ட வழியைத் தோழிக்கும் தருகிறாள். அதில் எந்தக் கெட்ட எண்ணமும் இல்லை, பாசம்தான்.

கண்ணகியின் பதில் 'பீடு அன்று'. அது பெருமை இல்லை என்று மறுத்துவிட்டுச் சும்மா இருக்கிறாள். அடுத்த நொடியே வாசலில் கோவலன் வந்து நிற்கிறான். பொருளைத் தொலைத்த வறுமை நாணத்தைத் தருகிறது என்று அவன் சொல்ல, 'சிலம்பு உள, கொண்ம்' என்கிறாள்.

தேவந்தி வராவிட்டால் நமக்குக் கிடைத்திருப்பது சிலம்பைத் தரும் கண்ணகி மட்டும்தான். அதை வெறும் அடக்கம் என்று எளிதாக எடுத்துக்கொண்டிருப்போம். தேவந்தி ஒரு வழியைக் காட்டி, கண்ணகி அதை மறுத்ததால்தான் அந்த அமைதிக்குள் ஒரு முடிவு இருப்பது தெரிகிறது. கெஞ்சிப் பெறுவதில் அவளுக்கு விருப்பமில்லை, அது தெய்வத்திடமே என்றாலும்.

கணவனைத் தவிர வேறு தெய்வம் தொழாத கற்பைத்தான் அந்தப் பதில் காட்டுகிறது என்று வாசிப்பவர்களும் உண்டு. தவறென்று சொல்ல மாட்டேன், அந்தக் காலத்து விழுமியம் அது. ஆனால் துன்ப மாலையையும் சேர்த்து வாசியுங்கள். கோவலன் கொலையுண்ட செய்தி கேட்டுக் கண்ணகி புலம்பும் இடம். துன்பம் தரும் நோன்புகளை நோற்றுத் துயருறும் பெண்களைப் போல, 'துறை பல திறம் மூழ்கித் துயருறு மகளிரைப் போல்' நானும் அவலப்பட்டு அழிவேனோ என்று கேட்கிறாள். நோன்பு, நீர்த்துறை இரண்டும் தேவந்தி சொன்னவை. எத்தனையோ காதைகள் தாண்டி, தேவந்தியின் பெயரே இல்லாமல், அவள் காட்டிய பாதையைக் கண்ணகி மறுபடி மறுக்கிறாள். இந்த வரியைப் படித்தபின் மதுரைக் கண்ணகியைப் புதிய பெண்ணாகப் பார்க்க என்னால் முடியவில்லை.

இன்னொரு பாதையைக் காட்டுபவள் பாண்டியன் மனைவி கோப்பெருந்தேவி. அவளுக்குக் கிடைத்திருக்கும் இடம் இன்னும் குறைவு. அரசன் விழுந்து இறந்ததும், கணவனை இழந்தவர்களுக்குக் காட்டுவதற்கு எதுவும் இல்லை என்று அவன் காலடியைத் தொழுது விழுந்துவிடுகிறாள். அதே மண்டபத்தில், அதே இழப்போடு, சாகாமல் வந்து கணக்குக் கேட்ட பெண் நின்றுகொண்டிருக்கிறாள். இந்த ஒப்பீடு நம் கற்பனை என்று யாரும் சொல்ல முடியாது. காட்சிக் காதையில் சேரன் செங்குட்டுவன் தன் தேவியிடம் இதையே கேள்வியாகக் கேட்கிறான்: கணவனோடு உயிர்விட்டவள், சினத்தோடு நம் நாட்டுக்கு வந்தவள், இருவரில் வியக்கத்தக்கவள் யார்? அவள் பாண்டிமாதேவியைக் குறைத்துப் பேசவில்லை. கணவன் துன்பத்தைக் காணாமல் மறைந்தவள் வானுலகில் பெருஞ்சிறப்புப் பெறட்டும், நம் நாடு வந்த இந்தப் பத்தினிக் கடவுளை நாம் போற்ற வேண்டும் என்கிறாள்.

எழுதுபவர்கள் பெரும்பாலும் சறுக்குவது இந்த இடத்தில்தான். நாயகி வீரம் மிக்கவள் என்று காட்டப் பக்கத்தில் ஒரு கோழையை வைப்பார்கள், அறிவாளி என்று காட்ட ஒரு முட்டாளை வைப்பார்கள். அப்போது நாயகி உயரமாகத் தெரிகிறாளே தவிர, அவள் யார் என்று தெரிவதில்லை. தேவந்தி சொன்னது அன்றைக்கு எந்த நல்ல தோழியும் சொல்லியிருக்கக்கூடியது, கோப்பெருந்தேவி செய்ததை அந்த உலகம் உயர்வாக மதித்தது. மதிப்புள்ள ஒரு வழி கண்முன் இருந்தும் அதை வேண்டாம் என்றதால்தான் கண்ணகியின் குணம் நமக்குப் பிடிபடுகிறது. இளங்கோ தேவந்தியைக் கடைசிவரை தாழ்த்தவும் இல்லை. வஞ்சிக் காண்டத்தின் முடிவில் கண்ணகி கோயிலில் பூவும் புகையும் கொண்டு வழிபாடு செய்யும் பொறுப்பைச் செங்குட்டுவன் அவளிடமே ஒப்படைக்கிறான்.

ஒரு துணைப் பாத்திரம் இந்த வேலையைச் செய்கிறதா என்று பார்க்க நான் அதை மனதுக்குள் நீக்கிப் பார்ப்பேன். சம்பவங்கள் அறுந்துபோனால் அது கதைக்கு வேண்டிய பாத்திரம். சம்பவங்கள் அப்படியே இருந்து, நாயகியின் ஏதோ ஒரு செயலுக்குக் காரணம் மட்டும் மங்கினால் அது தேவந்தி வகை. எதுவுமே மாறவில்லை என்றால் அந்தப் பாத்திரம் சும்மா இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறது. அப்புறம், நேரம் இருந்தால் கனாத்திறம் உரைத்த காதையையும் துன்ப மாலையையும் ஒரே மூச்சில் படித்துப் பாருங்கள். இரண்டுமே சிறியவைதான்.