பிடித்த வரிக்குச் சான்றிதழ் தராத நிறுவனமும், நீங்கள் திருப்பிக் கொடுக்கக் கூடாத கடிதமும்

கேள்வி: ஐயா, நான் கட்டடப் பொறியாளர். மண்டபத்தில் ஒரு கடல் உணவு ஏற்றுமதிக் கூட்டு நிறுவனத்திற்கு இறால் பதப்படுத்தும் கூடத்துக்கான வரைபடமும் மேற்பார்வையும் செய்து கொடுத்து, 4,00,000 ரூபாய்க்கு பில் கொடுத்தேன். 2024 நவம்பரில் 40,000 ரூபாயை டிடிஎஸ் என்று பிடித்துக்கொண்டு 3,60,000 ரூபாயை வங்கியில் போட்டார்கள். பிடித்த வரிக்கான சான்றிதழாகிய படிவம் 16ஏ கேட்டால் மீன்பிடித் தடைக்காலம் முடியட்டும், ஆடிட்டர் ஊரில் இல்லை என்று ஓராண்டாக அலைக்கழித்து, கடைசியில் "40,000 பிடித்தம் செய்துள்ளோம்" என்று லெட்டர்ஹெட்டில் ஒரு கடிதம் கொடுத்தார்கள். அது செல்லாது என்கிறார் என் ஆடிட்டர். வருமான வரித் துறை இப்போது என்னிடமே 40,000 ரூபாயும் வட்டியும் கேட்கிறது. நிறுவனமோ, கடிதத்தைத் திருப்பித் தந்துவிட்டு 3,60,000 ரூபாய்க்கு "முழுக் கட்டணமும் பெற்றேன்" என்று வவுச்சரில் கையெழுத்திட்டால் 25,000 ரூபாய் கையில் தருவதாகச் சொல்கிறது. முதலாளி எங்கள் தூரத்து உறவினர். பலர் முன்னால் என்னை அவமானப்படுத்தினார். வழக்குப் போட்டு மன உளைச்சலுக்கும் சேர்த்து இழப்பீடு வாங்க முடியுமா?

பதில்: அவமானம், உறவு, தடைக்காலம் ஆகிய மூன்றையும் ஒதுக்கி வையுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கரையில் நிற்பதற்கும், முந்தைய நவம்பரில் பிடித்த வரியை டிசம்பர் 7-க்குள் அரசுக்குச் செலுத்துவதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. மன உளைச்சலுக்கு இழப்பீடு கேட்டுத் தொடுக்கும் வழக்கில் நீதிமன்றக் கட்டணமும் என்னைப் போன்ற வக்கீல்களின் கட்டணமும்தான் நிச்சயமான செலவுகளாக இருக்கும். சான்றிதழ் தராததற்கு நாளொன்றுக்கு 500 ரூபாய் என்று சட்டத்தில் உள்ள அபராதமும், பிடித்த வரித் தொகையை மிஞ்சாமல், அரசுக்குப் போகுமே தவிர உங்களுக்கு வராது.

உங்கள் விவகாரத்தில் சட்டப்படி பொருள்படுவது ஒன்றே: அந்த 40,000 ரூபாய் வரியாகப் பிடிக்கப்பட்டது என்பதை உங்களால் நிரூபிக்க முடியுமா? வருமான வரிச் சட்டம், 1961-இன் 205-ஆம் பிரிவு, ஒருவருடைய வருமானத்திலிருந்து வரி பிடிக்கப்பட்டுவிட்டால் அந்த அளவுக்கு அதே வரியை அவரிடம் மீண்டும் கேட்கக் கூடாது என்கிறது. பிடித்தவர் அரசுக்குச் செலுத்தினாரா என்பது அந்தப் பிரிவுக்கு முக்கியமல்ல. செலுத்தாவிட்டால் துறை அவரைத்தான் துரத்த வேண்டும். இதையே நேரடி வரிகள் வாரியமும் 2015 ஜூன் 1-ஆம் தேதிய அறிவுறுத்தலில் தன் அதிகாரிகளுக்குச் சொல்லியிருக்கிறது. 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வந்தாலும், உங்கள் பணம் 2024-25 நிதியாண்டைச் சேர்ந்தது என்பதால் பழைய சட்டமே உங்களுக்குப் பொருந்தும்.

உங்கள் ஆடிட்டர் சொன்னது பாதி சரி. வருமான வரித் துறையின் டிரேசஸ் இணையதளத்திலிருந்து சான்றிதழ் எண்ணோடு பதிவிறக்கப்படுவது மட்டுமே படிவம் 16ஏ ஆகும். லெட்டர்ஹெட் கடிதத்தை வைத்து வரிக்கணக்கில் வரவு கேட்க முடியாது. ஆனால் பிடித்தம் நடந்தது என்பதற்கு, பிடித்தவரே கையெழுத்திட்டுக் கொடுத்த ஒப்புதலைவிட வலுவான ஆவணம் வேறு எது? 16ஏ-வாகச் செல்லாத அந்தத் தாள்தான் 205-ஆம் பிரிவின் கீழ் உங்களுக்கு முதல் சாட்சி. நிறுவனம் அதைத் திருப்பிக் கேட்பதிலிருந்தே, அங்கே இருக்கும் யாரோ ஒருவருக்கு இது புரிந்துவிட்டது என்று தெரிகிறது.

இந்தக் கடற்கரையில் வழக்கமாக நடப்பதைச் சொல்கிறேன். பில் ஒரு தொகைக்கு இருக்கும், வங்கியில் வந்தது அதைவிடக் குறைவாக இருக்கும், பிடித்தம் பற்றிய பேச்சு முழுவதும் தொலைபேசியில் நடந்திருக்கும். ஓராண்டு கழித்து ஒரு வவுச்சர் நீட்டப்படும். பிணக்கு வேண்டாம் என்று நினைத்து, ஏதோ ஒரு தொகையை வாங்கிக்கொண்டு நம்மவர் கையெழுத்திடுவார். "முழுக் கட்டணம் 3,60,000" என்ற வரியின் கீழ் உங்கள் கையெழுத்து விழுந்த கணத்திலிருந்து, கட்டணமே அவ்வளவுதான், பேரம் பேசிக் குறைத்தோம், வரி எதையும் பிடிக்கவில்லை என்று நிறுவனம் வாதிடலாம். அப்போது 205-ஆம் பிரிவு உங்கள் கையைவிட்டுப் போய்விடும். கட்டண பாக்கி என்று 40,000 ரூபாய்க்கு உரிமையியல் வழக்குத் தொடரவும் அதே வவுச்சர் குறுக்கே நிற்கும். அதோடு, 4,00,000 ரூபாயை வருமானமாகக் காட்டி, 40,000 ரூபாயை வரவாகக் கேட்ட உங்கள் சொந்தக் கணக்கே பொய்யென்று ஆகிவிடும். இத்தனைக்கும் விலை 25,000 ரூபாய்.

உங்கள் கணக்கையே எடுத்துக்கொண்டு பார்ப்போம். ஆண்டுக்கு மொத்த வரவு 18,00,000 ரூபாய் என்றும், 44ஏடிஏ பிரிவின்படி பாதியை வருமானமாகக் காட்டியிருக்கிறீர்கள் என்றும் வைத்துக்கொள்வோம். 9,00,000 ரூபாய்க்குப் புதிய வரிமுறையில் 2024-25-க்கான வரி 40,000, கூடுதல் தீர்வை 1,600. டிடிஎஸ் 40,000-ஐக் கழித்து, மீதி 1,600-ஐ நீங்கள் செலுத்தியிருப்பீர்கள். உங்கள் பான் எண்ணில் பதிவான வரியைக் காட்டும் 26ஏஎஸ் அறிக்கையில் அந்தப் பிடித்தம் இல்லாததால் கணினி வரவை மறுத்து, நோட்டீஸ் அனுப்பியிருக்கிறது. கேட்கப்படும் அசலும் வட்டியும் முழுவதும் இந்த ஒரு பிடித்தத்தின் விளைவு என்பதால், 205-ஆம் பிரிவு நேராகப் பொருந்துகிறது. இதுவே மொத்த வரவு 12,00,000 ரூபாயாக இருந்திருந்தால் உங்கள் வருமானம் 6,00,000 ஆகி, தள்ளுபடியால் வரியே இருக்காது. அந்த 40,000 உங்களுக்குத் திரும்ப வர வேண்டிய தொகையாக இருந்திருக்கும். 205-ஆம் பிரிவு கேட்பதைத் தடுக்குமே தவிர, வாங்கித் தராது. அந்த நிலையில் இருப்பவருக்கு நிறுவனத்தின் ஒத்துழைப்பு இன்னும் அதிகமாகத் தேவைப்படும்.

எனவே நோட்டீஸைக் கண்டு பயந்து பணம் கட்டாதீர்கள். பதில் சொல்லாமலும் விடாதீர்கள். இணையதளத்தில் நிலுவைக் கோரிக்கைக்குப் பதில் சொல்லும் இடத்தில் உடன்படவில்லை என்று குறிப்பிட்டு, பில், வங்கிக் கணக்கு விவரம், அந்தக் கடிதம் மூன்றையும் இணையுங்கள். உங்கள் வரி அதிகாரிக்கும் 205-ஆம் பிரிவையும் 2015 அறிவுறுத்தலையும் சுட்டி எழுத்தில் மனுக் கொடுத்து, முத்திரையிட்ட நகலை வாங்கிக்கொள்ளுங்கள். வாய் திறக்காமல் இருந்தால் அடுத்த ஆண்டு உங்களுக்கு வர வேண்டிய தொகையிலிருந்து இதைக் கழித்துக்கொள்வார்கள். அப்படிக் கழிப்பதும் கூடாது என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2023-இல் சொல்லியிருக்கிறது என்றாலும், கழித்த பிறகு அதைத் திரும்பப் பெற நடப்பது நீங்களாகத்தான் இருப்பீர்கள்.

இனி நிறுவனத்தின் பக்கம் வருவோம். முதலாளியிடம் இனிப் பேசாதீர்கள். அவருடைய ஆடிட்டருக்கு எழுதுங்கள். "சான்றிதழ் தாருங்கள்" என்று கேட்காமல், 40,000 ரூபாய் செலுத்தப்பட்ட சலானின் தேதி, வரிசை எண், வங்கிக் கிளையின் பிஎஸ்ஆர் குறியீடு, 2024 அக்டோபர் முதல் டிசம்பர் வரையான காலாண்டுக்கு டிடிஎஸ் கணக்கான படிவம் 26கியூ தாக்கல் செய்த ஒப்புகை எண் ஆகியவற்றைக் கேளுங்கள். வரும் பதிலிலிருந்தே நோய் எங்கே என்று தெரிந்துவிடும். எண்கள் வந்தால், பணம் அரசிடம் இருக்கிறது. உங்கள் பான் எண்ணைத் தவறாகப் பதிந்திருப்பார்கள் அல்லது உங்கள் பெயரை விட்டிருப்பார்கள். ஒரு திருத்தப் படிவத்தில் அது முடிந்துவிடும். இதற்கு வக்கீல் நோட்டீஸ் அனுப்புவது வீண் பகை. 26ஏஎஸ்ஸில் உங்கள் பெயரில் பதிவு வந்து, அதன் எதிரே U என்று நின்றால், சலான் பொருந்தவில்லை அல்லது பணம் கட்டப்படவில்லை என்று பொருள். F என்று மாறிய பின்பே அது முடிந்ததாகக் கொள்ளுங்கள்.

எண்களே வராவிட்டால் பணம் கட்டப்படவில்லை என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன். அந்த நிலையில் நிறுவனம் ஏன் தயங்குகிறது என்பதை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். பிடித்த வரிக்கு மாதத்துக்கு ஒன்றரை சதவீதம் வட்டி, அதாவது 600 ரூபாய். 2024 நவம்பரில் பிடித்ததை 2026 ஜனவரியில் கட்டினால் 15 மாதத்துக்கு 9,000 ரூபாய். அந்தக் காலாண்டுக்குப் படிவமே தாக்கல் செய்யவில்லை என்றால், நாளொன்றுக்கு 200 ரூபாய் தாமதக் கட்டணமும் உண்டு. அது பிடித்த வரியை மிஞ்சாது. உங்கள் 40,000 ரூபாய் மட்டுமே அந்தப் படிவத்தில் வர வேண்டியது என்றால், 2025 ஆகஸ்டிலேயே கட்டணம் 40,000 ரூபாயைத் தொட்டுவிட்டது. ஆக, இன்றைக்கு நேர்மையாக நடந்துகொள்ள அவர்களுக்கு ஆகும் செலவு, 2025 பிப்ரவரியில் ஆகியிருக்கக்கூடியதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஆனால் மற்றவர்களுக்குப் பிடித்த வரிக்கு அந்தக் காலாண்டில் படிவம் உரிய காலத்தில் போயிருந்தால், உங்கள் பெயரைத் திருத்தத்தில் சேர்ப்பதற்குத் தாமதக் கட்டணம் கிடையாது. வரியும் வட்டியும் மட்டும்தான். ஏற்றுமதி நிறுவனம் என்பதால் அப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். முதலாளிக்கு இந்த வித்தியாசம் தெரியாமல் இருக்கலாம். அவருடைய ஆடிட்டருக்குத் தெரியும்.

ஆடிட்டருக்குத் தெரிந்திருக்கும் இன்னொன்றையும் நினைவூட்டுங்கள். பிடித்த வரியை உரிய காலத்துக்குள் கட்டாவிட்டால், உங்களுக்குக் கொடுத்த 4,00,000 ரூபாயில் 30 சதவீதம், அதாவது 1,20,000 ரூபாய், அந்த ஆண்டுக்கு நிறுவனத்தின் செலவாக ஏற்கப்படாது. கட்டும் ஆண்டில்தான் ஏற்கப்படும். கூட்டு நிறுவனத்துக்கு 30 சதவீத வரி என்பதால், கட்டாமல் விடுவதன் விலை 36,000 ரூபாயும் தீர்வையும். பிடித்த வரியைக் கட்டாமல் வைத்திருப்பது தண்டனைக்குரிய குற்றமுமாகும். இதைக் கடிதத்தில் மிரட்டலாக எழுத வேண்டாம். பிரிவு எண் 276பி-யைக் குறிப்பிட்டால் போதும்.

என் ஆலோசனை சமரசம்தான். ஆனால் நிறுவனம் சொல்லும் சமரசம் அல்ல. அவர்கள் 40,000 ரூபாயை உங்கள் பான் எண்ணில் அரசுக்குக் கட்டி, திருத்தப் படிவம் தாக்கல் செய்து, டிரேசஸ் சான்றிதழ் தரட்டும். நீங்கள் இழப்பீட்டையும் புகாரையும் விட்டுவிடுங்கள். வட்டி 9,000 ரூபாயில் பாதியைக் கேட்டால் அதையும் கொடுத்துவிடுங்கள். வழக்கின் முதல் இரண்டு வாய்தாவுக்கே அதைவிட அதிகம் செலவாகும். அந்த 40,000 ரூபாயை முழுவதுமாக உங்கள் கையில் தர முன்வந்தாலும் வாங்காதீர்கள். வரியாகப் பிடித்தோம் என்று அவர்களே எழுதிக் கொடுத்துவிட்ட பிறகு அது அரசின் பணம். உங்களிடம் ரொக்கமாகத் தந்துவிட்டு, பிறகு தங்கள் செலவைக் காப்பாற்றிக்கொள்ள அதே தொகைக்குப் படிவமும் தாக்கல் செய்தால், ஒரே பணத்தை இரண்டு முறை பெற்றவராக நீங்கள் நிற்பீர்கள்.

ஆடிட்டருக்கு எழுதி முப்பது நாளில் அசைவில்லை என்றால், வரி பிடிப்பவர் என்ற முறையில் நிறுவனம் பெற்றுள்ள டான் எண் எந்த டிடிஎஸ் அதிகாரியின் வரம்பில் வருகிறதோ அவருக்கு, கடிதத்தின் நகலோடு புகார் கொடுங்கள். மூலத்தை எவரிடமும் கொடுக்க வேண்டாம். கட்டண பாக்கிக்கான உரிமையியல் வழக்குக்கு வேலை முடிந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுகள் உண்டு என்பதால், அதற்கு இப்போது அவசரம் இல்லை. 26ஏஎஸ்ஸில் F வந்த அன்றே இணையதளத்தில் உங்கள் வரிக்கணக்கை மறுபரிசீலனை செய்யத் திருத்த மனுப் போட்டுவிடுங்கள். அதற்கு வக்கீல் தேவையில்லை, உங்கள் ஆடிட்டரே போதும்.