கடன் அட்டவணையில் முதல் வருட வட்டியும் முன்கூட்டிக் கட்டும் 2,000-மும்

"அக்கா, நான் வந்து சில மாதம்தான் ஆகிறது. கார் கடன் 20,000, வட்டி 12 சதவீதம், 60 மாதம். கடன் அட்டவணையை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருக்கிறேன். முதல் வருடம் வட்டிக்கு மட்டும் எவ்வளவு போகும்? வருடக் கடைசியில் 2,000 சேர்ந்துவிடும், அதைக் கடனில் கட்டினால் நிஜமாகவே ஏதாவது மிச்சமாகுமா?"

தம்பி, முதலில் பத்திகளைப் பாருங்கள். Payment என்பது மாதத் தவணை, உங்களுக்கு 444.89. அது Interest என்கிற வட்டி, Principal என்கிற அசல் என்று இரண்டாகப் பிரிந்திருக்கும், கடைசியில் Balance, அதாவது அந்தத் தவணை கட்டிய பிறகு நிற்கும் மீதி. உங்கள் வட்டி வருடத்துக்கு 12, அப்படியானால் மாதத்துக்கு 1 சதவீதம். அதனால் முதல் வரிசையில் வட்டி 20,000-க்கு 200 என்று நிற்க வேண்டும், மீதமுள்ள 244.89 அசலில் போகும். இரண்டாம் வரிசையில் வட்டி 197.55 ஆகக் குறைந்திருக்க வேண்டும். இந்த இரண்டு எண்ணும் பொருந்தினால் குறையும் மீதிக்குத்தான் வட்டி போடுகிறார்கள், கீழே நான் சொல்வதெல்லாம் உங்களுக்குப் பொருந்தும். எல்லா வரிசையிலும் ஒரே வட்டி இருந்தால் அது வேறு வகைக் கடன், அதற்கு இந்தக் கணக்கை வைத்துக்கொள்ளாதீர்கள், முன்கூட்டிக் கட்டினால் என்ன ஆகும் என்று ஒப்பந்தத்தில்தான் பார்க்க வேண்டும்.

முதல் வருட வட்டிக்குப் பன்னிரண்டு எண்ணை உட்கார்ந்து கூட்டத் தேவையில்லை. பன்னிரண்டாம் வரிசையின் மீதி மட்டும் போதும். உங்கள் கடனில் அது 16,894. காசுகளை விட்டுவிட்டுச் சொல்கிறேன்: வருடம் முழுக்க நீங்கள் கட்டுவது 5,339, ஆனால் கடன் குறைந்தது 3,106 மட்டும். இடையில் காணாமல் போனதுதான் வட்டி.

```
5,339 − (20,000 − 16,894) = 2,233
```

ஐந்து வருடத்துக்கும் சேர்த்து நீங்கள் கட்டப்போகும் வட்டி ஏறக்குறைய 6,693. அதில் மூன்றில் ஒரு பங்கு முதல் வருடத்திலேயே போய்விடுகிறது.

இங்கே இரண்டு இடத்தில் வழுக்கும். சில அட்டவணைகளில் வருடவாரியாக ஒரு மொத்தம் போட்டிருப்பார்கள், அது ஜனவரி முதல் டிசம்பர் வரை உள்ள கணக்கு. செப்டம்பரில் தவணை தொடங்கியிருந்தால் அந்த 'முதல் வருட' மொத்தத்தில் நான்கு தவணைதான் இருக்கும், அதைப் பார்த்து வட்டி குறைவு என்று நினைத்துவிடுவோம். இன்னொன்று, அட்டவணை ஒரே திரையில் அடங்காமல் இரண்டு ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் ஒரே வரிசை இரண்டிலும் வந்திருக்கும். கூட்டினால் அது இரண்டு தடவை ஏறிவிடும். மீதியை வைத்துக் கழிக்கும் முறையில் இந்தத் தொல்லையே இல்லை, அதனால்தான் அதைச் சொன்னேன்.

சரி, அந்த 2,000. பன்னிரண்டாம் தவணை கட்டிய கையோடு அதையும் அசலில் கட்டுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மீதி 16,894-லிருந்து 14,894 ஆகிறது. இப்போது அதே ஸ்கிரீன்ஷாட்டில் மீதிப் பத்தியில் விரலை வைத்துக் கீழே இறங்குங்கள், 14,894-க்குப் பக்கத்தில் எந்த எண் இருக்கிறது என்று பாருங்கள். பத்தொன்பதாம் வரிசையில் 14,904 இருக்கும். அதாவது நீங்கள் பன்னிரண்டாம் படியில் நின்றுகொண்டிருந்தீர்கள், 2,000 உங்களைப் பத்தொன்பதாம் படிக்குக் கொண்டுபோய்விட்டது. நடுவில் உள்ள ஏழு வரிசையை நீங்கள் இனி கட்டப்போவதில்லை. அந்த ஏழு வரிசையில் இருந்த அசல் 1,990, அதைத்தான் கையிலிருந்து கொடுத்தீர்கள். அவற்றில் இருந்த வட்டி 1,124, அது உங்களுக்கு மிச்சம். எஞ்சிய சுமார் பத்து அசலைக் குறைத்து கடைசித் தவணையைக் கொஞ்சம் சிறிதாக்கும், அதையும் சேர்த்தால் மிச்சம் 1,128 வரும். கடனும் 48 மாதம் இழுக்காமல் 41 மாதத்தில் முடியும்.

இதே 2,000-ஐ நாலாவது வருடக் கடைசியில் கட்டினால் மிச்சம் சுமார் 209-தான், ஏனென்றால் அப்போது தாண்டுகிற வரிசைகளில் வட்டியே அவ்வளவாக இருக்காது. அதனால் கட்டுவதென்றால் சீக்கிரம் கட்டுங்கள்.

ஆனால் மேலே சொன்ன 1,128 வர வேண்டுமானால் மாதத் தவணை 444.89-ஆகவே தொடர வேண்டும். சில இடங்களில் முன்கூட்டிக் கட்டியதும் தவணையைக் குறைத்து, காலத்தை அப்படியே வைத்துவிடுவார்கள். உங்கள் கடனில் தவணை 392.22 ஆகும், மாதம் 52 சொச்சம் கையில் நிற்கும், கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் 48 மாதமும் ஓடும், மொத்தத்தில் மிச்சம் 528 மட்டும், பாதிக்கும் குறைவு. மாதச் செலவு கழுத்தை நெரித்தால் அதை எடுத்துக்கொள்வதில் தப்பில்லை, இல்லையென்றால் காலத்தைக் குறைக்கச் சொல்லுங்கள், அதை எழுத்திலேயே சொல்லுங்கள்.

இதைவிட மோசமான ஒன்று எனக்கே நடந்தது. வந்த இரண்டாம் வருடம் என் முதல் கடனில் கூடுதலாகப் பணம் அனுப்பினேன், கடன் கொடுத்தவர்கள் அதை அடுத்து வரும் தவணைகளுக்கான முன்பணமாக வைத்துவிட்டார்கள். அடுத்த சில மாதம் 'கட்ட வேண்டியது 0' என்று வந்தது, எனக்கோ ஒரே சந்தோஷம். நானும் கட்டாமல் விட்டேன். அந்த மாதங்களில் வட்டி ஏறிக்கொண்டே இருந்திருக்கிறது, கடன் ஒரு நாள்கூட முன்னால் முடியவில்லை. அதைக் கண்டுபிடித்து, திரும்பத் திரும்ப எழுதிச் சரிசெய்யவே வாரக்கணக்கில் ஆனது. பணம் அனுப்பும் பக்கத்தில் Principal only என்று ஒரு தேர்வு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அனுப்புங்கள், இல்லாவிட்டால் முதலில் கேளுங்கள். முன்கூட்டிக் கட்டினால் அபராதம் உண்டா என்பதையும் அதே மூச்சில் கேட்டுவிடுங்கள், உண்டு என்றால் 1,128-லிருந்து அதைக் கழித்துப் பாருங்கள்.

பணம் சரியான இடத்தில் போய்ச் சேர்ந்ததா என்பதை அடுத்த மாதமே கண்டுபிடிக்கலாம். உங்கள் ஸ்கிரீன்ஷாட்டில் பதின்மூன்றாம் வரிசை வட்டி 168.94. 2,000 அசலில் கழிந்திருந்தால், தவணை நாளன்றே கட்டிய பட்சத்தில், அது 148.94 என்று வர வேண்டும், சரியாக 20 குறைவு. பத்து நாள் தள்ளிக் கட்டியிருந்தால் முதல் மாதம் 20-க்குப் பதில் 13 அளவில் குறையும், பயப்பட வேண்டாம், அதற்கடுத்த மாதம் சரியாகிவிடும். மாறாமல் 168.94 என்றே வந்தால் அன்றைக்கே எழுதுங்கள். புதிய அட்டவணை ஒன்றும் கேட்டு வாங்கி, அதில் கடைசி வரிசை 41 தவணை தள்ளி நிற்கிறதா என்று எண்ணிப் பாருங்கள்.